தாய்மாமன் மடி

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், கல்லூரி விட்டு வீடு திரும்பியபோது திண்ணையில் அம்மாவும் தங்கையும் ஒருவரோடொருவர் பேசாமல் அமர்ந்திருந்தனர். இருவருக்கும் நடுவே தங்கையின் நான்கு வயது மகள், பின்னுவதற்காகப் பிரித்துவிடப்பட்ட தலையோடு, தின்பண்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வழக்கு என்னவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவே தொடங்கினார்.

"ஏண்டா, பாப்பா தலையப் பாத்தியா? எலி வால் கணக்கா இருக்குது. ஜூன்ல பள்ளிக்கூடம் சேக்கறதுக்குள்ள இன்னொரு மொட்ட போட்டுட்டா அடத்தியா வந்துடும். இவ வேணான்றா."

"ரெண்டு மொட்ட போட்டாச்சு ண்ணா. வந்துச்சா?" என்றாள் தங்கை.

"அதனாலதான மூணாவது சொல்றேன்."

இந்த வாதத்தை எதிர்கொள்வது கடினம். மருந்து பலிக்கவில்லையெனில் மருந்தின் அளவு போதவில்லை என்று கொள்ளும் தர்க்கம் இது. எத்தனை முறை பொய்த்தாலும் அதற்கு அழிவில்லை. தீர்ப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் கல்வியன்று. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முடியிறக்குவது தாய்மாமன் மடியில். மடி தர நான் மறுத்தால் மொட்டை இல்லை.

முதல் மொட்டை பதினோராம் மாதத்தில், காதுகுத்தோடு சேர்ந்து நடந்தது. அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. குழந்தை பாதி உறக்கத்தில் இருந்தாள். சந்தனம் பூசியதும் சிரித்தாள். இரண்டாவது, இரண்டரை வயதில், குலதெய்வக் கோயிலில். அதற்குள் அவளுக்குத் தன் தலை தன்னுடையது என்று தெரிந்துவிட்டிருந்தது. என் மடியில் அவள் துள்ளியதும், இரண்டு கைகளாலும் அவள் தலையை நான் அழுத்திப் பிடித்ததும், காதுக்கு மேலே பிளேடு இழுத்துவிட்டதும் நினைவில் இருக்கின்றன. முடி எடுத்தவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆடும் தலையில் எந்தக் கையும் தவறும். ஒரு வாரத்தில் அவ்விடத்திலும், காயமே தெரியாத வேறு சில இடங்களிலும் கொப்புளங்கள் வந்து சீழ் வைத்தன. கண்ணுக்குப் புலனாகாத கீறல்கள் வழியே கிருமி நுழைந்திருக்கிறது என்றார் மருத்துவர். புண் ஆற இரண்டு வாரம் ஆனது. அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு அவள் என் மடியில் உட்காரவில்லை. "மாமா புடிச்சுக்குவாரு" என்பாள்.

ஆகவே மூன்றாவது முறை மடி தருமுன், இந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு என்று அறிந்துகொள்ள விரும்பினேன். இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொற்களிலிருந்து தொடங்குவது எனக்குப் பழக்கம். 'மழித்தல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். களைதல், பறித்தல், பிடுங்குதல் ஆகியவை வேரோடு அகற்றுவதைக் குறிக்கும். மழித்தலில் மேற்பரப்பு மட்டுமே துப்புரவாகிறது; வேருக்கு ஒன்றும் நேர்வதில்லை. முடி விளையும் இடமோ தோலின் அடியில், சில மில்லிமீட்டர் ஆழத்தில், ஒரு சிறு குழியின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளியே நாம் காண்பது முழுவதும் உயிரற்ற பொருள். அதில் நரம்பில்லை, குருதியில்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. அதே காரணத்தால், மேலே வெட்டப்பட்டது என்ற செய்தி கீழே சென்று சேர வழியும் இல்லை.

பின் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? நம் தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். செங்கத்தைச் சுற்றி எந்தக் கொல்லையில் வேண்டுமானாலும் பாருங்கள். முருங்கையை வெட்டிவிட்டால் நாலாபுறமும் துளிர்க்கிறது. சாமந்தியின் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகிப் பூ கூடுகிறது. மல்லிகைக்குக் கவாத்து செய்யாதவன் பூ எடுப்பதில்லை. நெல்லை அறுத்த தாளில் மறுதாம்பு வருகிறது. வெட்டினால் செழிக்கும் என்பது உழவருக்கு அன்றாட அனுபவம், மூடநம்பிக்கையன்று. ஆனால் செடி வளர்வது நுனியில். நுனிக்கொழுந்து இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. கிள்ளியதும் அவை விடுபட்டுக் கிளைக்கின்றன. முடி வளர்வது அடியில். அதன் நுனியில் கொழுந்து கிடையாது, பக்கத்தில் மொட்டும் கிடையாது. பயிர் என்று எண்ணி நாம் கவாத்து செய்வது உண்மையில் குழியிலிருந்து மெல்ல வெளியே தள்ளப்படும் ஒரு நூலை.

இதை அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொட்ட போட்டு ரெண்டு மாசம் கழிச்சுத் தொட்டுப் பாரு, பிரஷ் மாதிரி குத்தும். மொதல்ல பஞ்சு மாதிரி இருந்துச்சே, அது எப்படி?" என்றார். இது விளையாட்டுக் கேள்வியன்று. கை உணர்ந்ததைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. குழந்தையின் பிறந்த முடி பஞ்சுபோல இருந்ததும் உண்மை. பிறகு வந்தது குத்தியதும் உண்மை.

இங்கே எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பர். அங்கே மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு விளிம்பில் அவை ஒட்டியிருக்க, மறுபக்கம் இடையே ஒரு மெல்லிய இழையைச் செருகினால், நடுவில் ஆப்பு வடிவில் காற்றுப் படலம் உண்டாகும். அதன்மேல் சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியை விழச்செய்து நுண்ணோக்கியில் பார்த்தால், கறுப்பும் மஞ்சளுமாகக் கோடுகள் மாறி மாறித் தெரியும். இழை தடித்திருந்தால் கோடுகள் நெருங்கும், மெலிந்திருந்தால் விலகும். கோடுகளுக்கிடையேயான தொலைவை அளந்தால் இழையின் பருமன் கிடைத்துவிடும். மாணவர்கள் பெரும்பாலும் செருகுவது தங்கள் தலைமுடியைத்தான். (எனக்கு அவ்வாய்ப்பு இல்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.)

தங்கை, மகளின் முதல் மொட்டையில் விழுந்த முடியில் ஒரு சிறு கற்றையை ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தாள். அக்கற்றை ஒரு நல்ல சான்று. பிறந்தது முதல் கத்திரி படாத முடி. ஒரு முனை இயற்கையான நுனி, மறுமுனை சவரக்கத்தி வெட்டிய அடி. ஒரு முடியை எடுத்து அதன் அடிப்பகுதியை முதலில் செருகினோம். ஒட்டிய விளிம்பிலிருந்து முடி இருந்த தொலைவு 50 மில்லிமீட்டர். இருபது கோட்டு இடைவெளிகள் 7.4 மில்லிமீட்டரில் அடங்கின. அதாவது ஓர் இடைவெளி 0.37. சோடிய ஒளியின் அலைநீளமாகிய 0.0005893 மில்லிமீட்டரை 50-ஆல் பெருக்கி, 0.37-இன் இருமடங்கால் வகுத்தால் 0.040 மில்லிமீட்டர் வருகிறது. நண்பர் மொழியில் 40 மைக்ரான். பிறகு அதே முடியின் நுனிப்பக்கத்தைச் செருகினோம். கோடுகள் சட்டென்று அகன்றுவிட்டன. இடைவெளி 0.70, பருமன் 21 மைக்ரான்.

சற்று நேரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஒரே முடி. அடி, நுனியைப் போல ஏறக்குறைய இருமடங்கு. கத்தி படுவதற்கு முன்பே அந்தத் தடித்த பகுதி குழந்தையின் தலையில் இருந்திருக்கிறது. நம் கைக்கு எட்டியதெல்லாம் மெலிந்த நுனிதான். மொட்டை, நுனியை அகற்றி அடியை மேலே கொண்டுவருகிறது. இருமடங்கு பருமன் என்றால் விறைப்பு இருமடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் இழையின் வளையாத்தன்மை பருமனின் நான்காம் அடுக்கோடு கூடும் என்றார் நண்பர். இரண்டை நான்கு முறை பெருக்கினால் பதினாறு. பஞ்சு, பிரஷ் ஆனதன் கணக்கு இதுவே. குட்டையான முடி நீண்டதைவிட நிமிர்ந்து நிற்கும். வெயிலில் வெளுக்காத புதுமுடி கறுத்துத் தெரியும். எல்லா முடியும் ஒரே உயரத்தில் முளைப்பதால் நெருக்கமாகவும் தோன்றும். அம்மாவின் விரல்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் இதுவரை சொன்னது தோற்றத்துக்கான விளக்கம். மொட்டையால் ஒரு மாற்றமும் இல்லையென்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. ஆகவே அவளுடைய தற்போதைய முடியையும், கத்திரியே படாத, அதே வயதுள்ள இன்னொரு குழந்தையின் முடியையும் அளந்தோம். அந்தக் குழந்தை சக ஆசிரியர் ஒருவரின் மகள்; அவர்கள் வீட்டில் முடியிறக்கும் வழக்கம் இல்லை. ஆளுக்குப் பத்து முடி, அடிப்பகுதியில். இரண்டு மொட்டை கண்ட தலையில் சராசரி 51 மைக்ரான். மொட்டையே காணாத தலையில் 53. இந்த இரண்டு மைக்ரானைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே தலையில் அடுத்தடுத்த முடிகளுக்கிடையே அதைவிடப் பெரிய வேறுபாடு இருந்தது. முடி முழு உருண்டையாக இராமல் சற்றுத் தட்டையாக இருப்பதால், எப்படிப் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் அளவு மாறும்.

இவ்விரண்டு எண்களைக் கண்டதும் நான் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பர்தான் கடிவாளம் இட்டார். இரண்டு குழந்தைகள், இரண்டு குடும்பங்கள், இரண்டு பரம்பரை. தங்கை மகளுக்கு இயல்பிலேயே 45 மைக்ரான் விதிக்கப்பட்டிருந்து, மொட்டை அதை 51 ஆக்கியிருந்தால்? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரே தலையில் பாதியை மழித்து, மறுபாதியை விட்டுவைத்துப் பல மாதங்கள் பார்ப்பது. எந்தத் தாயும் அதற்கு இசையமாட்டாள்.

ஆனால் கால்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. லின்ஃபீல்டு, மக்வில்லியம்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் ஐந்து இளைஞர்களைக் கொண்டு அதைச் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதங்கள் மழித்தார்கள். மற்றக் கால் ஒப்பீட்டுக்காக விடப்பட்டது. இறுதியில் இரண்டு கால்களின் முடியையும் ஒப்பிட்டபோது, பருமனிலும் எடையிலும் வளரும் வேகத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. அதற்கும் முன்பே, 1928-இல், மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்று அறிஞர் நான்கு ஆண்களின் தாடி மயிரை ஆராய்ந்து இதே முடிவைத் தெரிவித்திருக்கிறார். ஆய்வுக்குட்பட்டோர் சிலரே, அவர்களும் வளர்ந்த ஆண்கள். இருந்தாலும் ஒப்பீட்டு முறை செம்மையானது. பலமாதம் வாராவாரம் மழித்தும் ஒரு கால் மறுகாலைவிடத் தடிக்கவில்லை என்றால், ஒரேயொரு நாள் கத்தி பட்ட தலை எப்படித் தடிக்கும்?

அப்படியானால், மொட்டை போட்ட பிள்ளைகள் அனைவருக்கும் பின்னர் முடி அடர்கிறதே, அது யார் செயல்? காலத்தின் செயல். முடிக்குழிகள் யாவும் கருவிலேயே உருவாகிவிடுகின்றன. தலைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். பிறந்தபின் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. பிறக்கும்போது உள்ள முடியில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் ஓய்வுநிலைக்குச் சென்று உதிர்ந்துவிடும். மூன்று நான்கு மாதக் குழந்தையின் பின்தலையில் வட்டமாக வழுக்கை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு அதே குழிகளிலிருந்து புதிய முடி கிளம்பும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது படிப்படியாகத் தடித்து, கறுத்து வரும். நாம் பதினோராம் மாதத்தில், அதாவது மெல்லிய முடி விடைபெற்றுத் தடித்த முடி வந்துகொண்டிருக்கும் நேரத்தில், கத்தியை எடுக்கிறோம். வரவிருந்தது வருகிறது, புகழ் மொட்டைக்குப் போகிறது. இவ்வூர் முஸ்லிம் வீடுகளில் குழந்தை பிறந்த ஏழாம் நாளில் தலை மழித்து, அம்முடியின் எடைக்கு வெள்ளி தானம் செய்யும் வழக்கம் உண்டு. அங்கே மொட்டைக்குப் பிறகும் மெல்லிய முடிதான் முதலில் வரும், உதிரவும் செய்யும். பருவம் வந்த பிறகே அடர்த்தி.

அம்மாவின் வலுவான சாட்சி என் தங்கை. சிறுவயதில் மூன்று மொட்டை கண்டவள். இன்றும் இடுப்பைத் தொடும் பின்னல். "இதுக்கு என்ன சொல்ற?" என்றார். இதற்கு மட்டும் எனக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. திருவண்ணாமலைக்கு வேண்டிக்கொண்டு பத்து வயதுவரை ஆண்டுதோறும் மொட்டை போடப்பட்டவன் நான். இவ்வீட்டில் சவரக்கத்தியின் அருள் அதிகம் பெற்ற தலை என்னுடையது. நாற்பத்து நான்கு வயதில் அதில் எஞ்சியிருப்பவற்றை எண்ணிவிடலாம். கண்ணாடி ஆப்புக்கு நான் முடி கொடுக்க இயலாத காரணம் அதுதான். தலையைக் குனிந்து காட்டினேன். தங்கை சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தார், ஆனால், "அது உங்க அப்பா வழி" என்றார். அதுவே உண்மை. தங்கையின் பின்னல் அம்மாவின் வழி என்பதையும் அவர் வாயாலேயே அப்போது சொல்ல வைத்தோம்.

குழந்தையை மருத்துவரிடமும் காட்டினோம். அவர் முடியை விலக்கித் தோலைப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் வட்டமாக உதிர்ந்திருக்கிறதா, செதிலும் அரிப்பும் இருக்கின்றனவா, முடி பாதியில் ஒடிந்து கறுப்புப் புள்ளியாக நிற்கிறதா என்று தேடினார். இமையைத் தாழ்த்தி இரத்தசோகை இருக்கிறதா என்று நோக்கினார். ஒன்றுமில்லை, மெல்லிய முடியுள்ள ஆரோக்கியமான குழந்தை என்றார். பூஞ்சைப் படையோடு வரும் குழந்தைகளையும், இரும்புச் சத்துக் குறைந்து முடி உதிரும் குழந்தைகளையும், "மொட்ட போட்டா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருந்து பிறகு கூட்டிவருகிறார்கள் என்று அவர் சொன்னபோது அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா மெதுவாக, "முடிக்காக இல்லடா. அந்தக் கொப்பளம் வந்தப்போ, புண்ணு ஆறுனா படவேட்டு அம்மனுக்கு முடி கொடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

இது அதுவரை யாருக்கும் தெரியாது. எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. நான் கண்ணாடித் தகடுகளை வைத்துக்கொண்டு மறுத்தது ஒரு நம்பிக்கையை. அம்மா காப்பாற்ற நினைத்தது ஒரு வாக்கை. முடி தடிக்கும் என்று சொன்னால் படித்த பிள்ளைகள் கேட்பார்கள், வேண்டுதல் என்றால் கேட்கமாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். மொட்டையால் வந்த புண் ஆறியதற்கு மொட்டையே காணிக்கையா என்று கேட்க நா எழுந்தது, கேட்கவில்லை. தங்கைதான் வழி சொன்னாள். "பூமுடி கொடுக்கலாமே ம்மா. பெரியவங்க கொடுக்கறாங்கல்ல?"

ஆடி நெரிசலுக்கு முன்பே, ஒரு வைகாசி வெள்ளியில் படவேட்டுக்குப் போனோம். குழந்தையிடம் முன்கூட்டியே கத்திரியைக் காட்டி, எவ்வளவு வெட்டப்போகிறோம் என்று விரலால் அளந்து காட்டினேன். இரண்டு விரற்கடை. என் மடியில் உட்கார வேண்டும் என்றதும் சற்று யோசித்தாள். "புடிச்சுக்க மாட்டியே மாமா?" என்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவளாக வந்து அமர்ந்தாள். ரேணுகாம்பாளுக்கு அந்தச் சிறு கற்றை போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழியில் பேருந்தில் அம்மா பேத்தியின் தலையைக் கோதிக்கொண்டே வந்தார். போளூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "கத்தி வேணாம், சரி. எண்ணெய் நான் சொல்றததான் தேய்க்கணும், தெரியுதா" என்றார்.